புகை அடங்கிய பிறகுதான் அறைக்குள் வைத்தோம், டாக்டர்

வாசகர் கடிதம்

மதிப்பிற்குரிய டாக்டருக்கு, வணக்கம். எனக்கு 38 வயது. திருப்பூரில் வசிக்கிறோம். கடந்த மாதம் நான், கணவர், 68 வயதான மாமியார், ஒன்பது வயது மகன் ஆகிய நால்வரும் கொடைக்கானல் சென்று ஒரு காட்டேஜில் தங்கினோம். குளிர் தாங்க முடியாததால் காவலாளி குமுட்டி அடுப்பில் கரி மூட்டிக் கொடுத்தார். புகை முழுவதும் அடங்கித் தணலான பிறகுதான் இரவு பத்து மணிக்கு அதை அறைக்குள் வைத்தோம். பக்கத்தில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்தால் கெட்ட வாயுவை அது இழுத்துக்கொள்ளும் என்று அவர் சொன்னதால் அதையும் வைத்தோம். மேலே இருந்த சிறு வெண்டிலேட்டரும் திறந்துதான் இருந்தது.

விடியற்காலை ஐந்து மணிக்கு மகன் வாந்தி எடுத்தான். எழுந்த எனக்கு மண்டை பிளக்கும் வலி. முழங்கால் மடிந்து கீழே விழுந்தேன். மாமியார் குளியலறை வாசலில் நினைவின்றிக் கிடந்தார், சிறுநீர் கழிந்திருந்தது. கணவர் எல்லோரையும் திண்ணைக்கு இழுத்து வந்தார். அரை மணி நேரத்தில் மாமியார் பேசினார். அங்கிருந்த கிளினிக்கில் விரலில் கருவி மாட்டிப் பார்த்து, "ஆக்சிஜன் 98 இருக்கிறது, உணவு ஒத்துக்கொள்ளவில்லை" என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். மறுநாள் இங்கே எடுத்த ரத்தப் பரிசோதனையும் சரியாகவே இருந்தது.

இப்போது 24 நாட்கள் ஆகின்றன. ஒரு வாரமாக மாமியார் குழம்பில் இரண்டு முறை உப்புப் போடுகிறார். தினமும் போகும் கோயிலிலிருந்து திரும்ப வழி தெரியாமல் நின்றார். காலைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிறார். வயதின் காரணம் என்கிறார் கணவர். அன்று நடந்தது கரியால்தானா? இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா? இன்னொன்றும் கேட்க வேண்டும். வீட்டின் கீழ்த்தளத்தில் எங்கள் தையல் யூனிட் இருக்கிறது. மின்சாரம் போனால் மாடிப்படிக்கு அடியில் உள்ள பெட்ரோல் ஜெனரேட்டரை ஓட்டுகிறோம். ஷட்டரைப் பாதி திறந்துதான் வைப்போம். சில நாட்களில் தையல்காரர்கள் தலைவலி என்கிறார்கள். அதுவும் இதுதானா?

— ஒரு வாசகி, திருப்பூர்

மருத்துவரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விகளில் ஒன்றுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது காத்திருக்கக் கூடாதது. உங்கள் மாமியாரை இந்த வாரத்திற்குள், முடிந்தால் நாளையே, நரம்பியல் மருத்துவர் இருக்கும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒரு வாரம் முன்பு வரை தானே கோயிலுக்குப் போய்த் திரும்பிய ஒருவர் ஒரே வாரத்தில் வழி மறந்து நிற்பது வயதின் இயல்பான மறதி அல்ல. வயதால் வரும் மறதி மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல நகர்ந்து வரும். அது எந்த வாரத்தில் தொடங்கியது என்று குடும்பத்தார் விரல் வைத்துச் சொல்ல முடியாது. நீங்கள் சொல்ல முடிகிறது என்பதே இங்கே முக்கியமான குறிப்பு.

இரண்டு காரணங்களை நான் மனத்தில் வைத்திருக்கிறேன். ஒன்று, கரித் தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு நஞ்சின் தாமதமான மூளைப் பாதிப்பு. இந்த வாயுவால் கடுமையாகத் தாக்கப்பட்டவர்களில் சிலர் முழுவதும் தேறிவிட்டதுபோல் எழுந்து நடமாடுவார்கள். சில நாட்களிலிருந்து சுமார் ஆறு வாரங்களுக்குள், பெரும்பாலும் மூன்றாம் வாரத்தை ஒட்டி, மறதி, மந்தம், குணமாற்றம், கால் தேய்த்த நடை, சிறுநீர்க் கட்டுப்பாடு தவறுதல் ஆகியவை தலைகாட்டும். நினைவிழந்து கிடந்தவர்களுக்கும் வயது முதிர்ந்தவர்களுக்கும் இது நேரும் வாய்ப்பு அதிகம். உங்கள் மாமியார் இரண்டிலும் சேர்கிறார். இடையில் அவர் நன்றாக இருந்த அந்த இரண்டு வாரங்கள்தான் குடும்பத்தையும், சில சமயம் மருத்துவரையும்கூட, ஏமாற்றுகின்றன.

இன்னொன்றை நீங்கள் எழுதவில்லை என்றாலும் உங்கள் வரிகளுக்குள் அது இருக்கிறது. அவர் குளியலறை வாசலில் விழுந்து கிடந்தார். 68 வயதில் விழும்போது தலையில் லேசாக அடிபட்டாலும் மூளையின் மேலுறைக்கு அடியில் ரத்தம் மெல்லக் கசிந்து, இரண்டு மூன்று வாரங்கள் கழித்து இதே மறதியையும் இதே நடையையும் உண்டாக்கலாம். அவர் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவராக இருந்தால் இந்தச் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. இது அறுவை மருத்துவத்தால் பெரும்பாலும் முழுமையாகச் சரிசெய்யக்கூடியது, ஆகவேதான் அவசரப்படுத்துகிறேன். ஒரு எம்ஆர்ஐ ஸ்கேன் இரண்டு கேள்விகளுக்கும் சேர்த்தே விடை தரும்: ரத்தக் கசிவு இருந்தால் தெரிந்துவிடும், வாயுவின் பாதிப்பு என்றால் மூளையின் வெண்பொருளிலும், அடிப்பகுதியில் உள்ள குளோபஸ் பாலிடஸ் என்ற கருவிலும் அதன் அடையாளம் பெரும்பாலும் தெரியும். கூடவே சோடியம், தைராய்டு, வைட்டமின் பி12 ஆகியவற்றைப் பார்ப்பார்கள். இதற்கிடையில் அவருக்கு அரைத்தூக்கம், கடும் வாந்தி, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி ஆகியவற்றில் ஏதேனும் வந்தால் நாளை வரை காத்திருக்காமல் அப்போதே கிளம்புங்கள்.

தாமதப் பாதிப்பு என்று உறுதியானாலும் மனம் தளர வேண்டாம். பாதிக்கும் மேற்பட்டோர் ஓராண்டுக்குள் பெருமளவு தேறுகிறார்கள். அதுவரை அடுப்பு, மாடிப்படி, தனியாக வெளியே போவது ஆகிய மூன்றிலும் அவருடன் ஒருவர் இருக்கட்டும். இந்தக் கட்டத்தில் உயர் அழுத்த ஆக்சிஜன் அறைச் சிகிச்சைக்குப் பெரும் பணம் கட்டச் சொல்லி யாரேனும் வற்புறுத்தினால், நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். மூன்று வாரம் கழித்துச் செய்வதால் பலன் உண்டு என்பது உறுதியாக நிறுவப்படவில்லை.

புகை இல்லாத தணலே ஆபத்தானது

அன்று நடந்தது கரியால்தானா என்று கேட்டீர்கள். நேரில் பார்க்காத மருத்துவர் "ஆம்" என்று முத்திரை குத்தக் கூடாது. ஆனால் ஒரே அறையில் படுத்த நால்வரில் மூவருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, வாந்தி, மயக்கம். யாருக்கும் காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருந்ததாக நீங்கள் எழுதவில்லை. திறந்த வெளிக்கு வந்ததும் அரை மணியில் தெளிவு. உணவு கெட்டிருந்தால் திண்ணைக் காற்று அதைத் தீர்த்திருக்காது. எனக்கு ஐயம் மிகக் குறைவு.

புகை அடங்கிய பிறகு வைத்தோம் என்பதை ஒரு முன்னெச்சரிக்கையாக எழுதியிருக்கிறீர்கள். மலைப்பகுதியில் பணியாற்றிய ஆண்டுகளில் இதே வாக்கியத்தை இதே நம்பிக்கையோடு சொன்ன பலரைப் பார்த்திருக்கிறேன். உண்மையில் புகை நமக்கு நன்மை செய்கிறது: அது கண்ணை எரிக்கும், இருமலை உண்டாக்கும், நம்மை வெளியே விரட்டும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை, கண்ணையோ தொண்டையையோ அது உறுத்துவதுமில்லை. புகை நின்றது என்றால் கரியிலிருந்த ஈரமும் தாரும் தீர்ந்துவிட்டன என்றுதான் பொருள். கரி இன்னும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

குமுட்டியின் மேல் நீல நிறத்தில் சின்னச் சின்னத் தீநாக்குகள் ஆடுவதைக் கவனித்திருப்பீர்கள். அது கார்பன் மோனாக்சைடு எரிகிற தீ. அடுப்பின் அடியில் காற்றுப் படும் இடத்தில் கரி எரிந்து கார்பன் டை ஆக்சைடு ஆகிறது. அந்த வாயு மேலே உள்ள செந்தணல் வழியாக ஏறும்போது தணல் அதிலிருந்து ஆக்சிஜனைப் பறித்து அதைக் கார்பன் மோனாக்சைடாக மாற்றிவிடுகிறது. மேற்பரப்பில் சூடு இருக்கும்வரை அதில் ஒரு பகுதியாவது நீலத் தீயாக எரிந்து தீர்கிறது. தணல் நீறு பூத்து, நீலத் தீ அணைந்து, "இனி பயமில்லை, உள்ளே கொண்டுபோகலாம்" என்று நாம் நினைக்கும் வேளையில்தான் அந்த வாயு எரியாமல் அப்படியே அறைக்குள் இறங்குகிறது.

அளவைப் பாருங்கள். 12 அடி நீளம், 10 அடி அகலம், 9 அடி உயரம் உள்ள அறையில் சுமார் 30 கன மீட்டர் காற்று இருக்கும். ஒரு கிலோ கரி எரியும்போது ஏறக்குறைய 200 கிராம் கார்பன் மோனாக்சைடு வெளிவரலாம். ஓர் இரவில் அரை கிலோ எரிந்தால் 100 கிராம். அது முழுவதும் அந்த அறையிலேயே தங்கினால் காற்றின் பத்து லட்சம் பங்கில் ஏறக்குறைய 2,900 பங்காகும். முக்கால் பங்கு இண்டு இடுக்கு வழியாகப் போய்விட்டது என்றே வைத்துக்கொண்டாலும் 700-க்கு மேல் மிஞ்சுகிறது. பத்து லட்சத்தில் 200 பங்கு இருந்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் தலைவலி தொடங்கும். 400 பங்கில் மூன்று மணி நேரத்திற்கு மேல் உயிருக்கே ஆபத்து. 800 பங்கில் முக்கால் மணியில் தலைசுற்றலும் குமட்டலும், இரண்டு மணிக்குள் மயக்கமும் வரும். இரவு பத்திலிருந்து காலை ஐந்துவரை படுத்திருந்தும் நீங்கள் எழ முடிந்தது என்றால், உங்கள் அறையில் அளவு இவற்றின் கீழ்ப்படியில் இருந்திருக்க வேண்டும். உங்கள் கணவர் எல்லோரையும் இழுத்து வரும் அளவுக்குத் தெளிவாக இருந்ததற்கு அவர் இரவில் வெளியே போய் வந்தது காரணமாக இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். அந்தச் சிறு வெண்டிலேட்டர் உயிரைக் காத்திருக்கலாம், அறையைப் பாதுகாப்பாக்கவில்லை.

பாத்திரத்துத் தண்ணீர் ஒன்றுமே செய்திருக்காது. இந்த வாயு தண்ணீரில் கரைவதே அரிது. முகக் கவசமோ ஈரத்துணியோ கூட அதைத் தடுக்காது. கட்டில் மேல் படுத்தால் தப்பிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். இதன் எடை காற்றை ஒட்டியதே, ஆகவே அறை முழுதும் ஒரே சீராகக் கலந்துவிடும். ஆக்சிஜன் குறைந்தால் அகல் விளக்கு அணையும், அப்போது எழுந்துகொள்ளலாம் என்பதும் பலித்ததில்லை. விளக்கு அணையும் அளவுக்கு ஆக்சிஜன் குறைவதற்கு வெகுநேரம் முன்பே இந்த நஞ்சு தன் வேலையை முடித்துவிடும்.

விரல் கருவி காட்டிய 98

உங்களை மிகவும் ஏமாற்றியது அந்த எண் என்று நினைக்கிறேன். கிளினிக்கில் இருந்தவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அடுப்பைப் பற்றி யாராவது அவரிடம் சொன்னீர்களா என்பது கடிதத்தில் இல்லை. "குளிருக்குக் கரி அடுப்பை உள்ளே வைத்துப் படுத்தோம்" என்ற ஒரு வாக்கியம் இல்லாவிட்டால், மலைக்குச் சுற்றுலா வந்த குடும்பத்தின் வாந்தி எல்லாக் கண்களுக்கும் உணவுக் கோளாறாகத்தான் தெரியும்.

ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், கார்பன் மோனாக்சைடைக் கண்டால் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு அதைப் பற்றிக்கொள்கிறது. இப்படி உண்டாகும் சேர்மத்திற்குக் கார்பாக்ஸிஹீமோகுளோபின் என்று பெயர். அது ஆக்சிஜன் ஏறவேண்டிய இடத்தை அடைத்துக்கொள்வதோடு, ஏற்கனவே ஏறிய ஆக்சிஜனைத் திசுக்களில் இறக்கவும் விடுவதில்லை. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் இரண்டு நிற ஒளியை மட்டும் வைத்து ரத்தத்தின் சிவப்பை அளக்கிறது. கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தமும் அதன் கண்ணுக்கு ஆக்சிஜன் ஏறிய ரத்தம் போலவே சிவப்பு. எனவே மூன்றில் ஒரு பங்கு ஹீமோகுளோபின் நஞ்சால் அடைபட்டிருந்தாலும் கருவி 98 என்றே காட்டும். கோவிட் காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கி வைத்த கருவி இது. கரி, ஜெனரேட்டர் விஷயத்தில் அதன் சொல்லை நம்பாதீர்கள்.

சரியான சோதனை, ரத்தத்தில் கார்பாக்ஸிஹீமோகுளோபின் எத்தனை விழுக்காடு என்று கோ-ஆக்சிமீட்டரில் அளப்பது. தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைகளில் ரத்த வாயுவை அளக்கும் கருவிகள் பலவற்றில் இந்த வசதி இருக்கும். கையின் சிரையிலிருந்து எடுக்கும் ரத்தமே போதும். ஆனால் கேட்டால்தான் செய்வார்கள். வழக்கமான ரத்தப் பரிசோதனையில் இது வராது. நேரமும் முக்கியம். சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும்போது சுமார் ஐந்து மணி நேரத்திற்கு ஒருமுறை இதன் அளவு பாதியாகும். விடியற்காலை ஐந்து மணிக்கு உங்கள் மாமியார் ரத்தத்தில் 30 விழுக்காடு இருந்தது என்று வைத்துக்கொண்டால், பத்து மணிக்கு 15, பிற்பகல் மூன்று மணிக்கு ஏழு அல்லது எட்டு, இரவு எட்டு மணிக்கு நான்கு. மறுநாள் திருப்பூரில் இந்தச் சோதனையையே செய்திருந்தாலும் சரியாகத்தான் வந்திருக்கும். நஞ்சு வெளியேறிவிட்டதை அது காட்டும். நஞ்சு செய்துவிட்டுப் போனதைக் காட்டாது.

இறந்தவர்களின் தோல் செர்ரிப் பழச் சிவப்பாக இருக்கும் என்று எங்கேனும் படித்திருக்கலாம். உயிரோடு வருபவர்களிடம் அதைக் காண்பது அரிது. சிவப்பு இல்லையே என்று யாரும் நிம்மதி அடைய வேண்டாம்.

அப்படி ஒரு விடியலில் செய்ய வேண்டியது

எழுந்ததும் முழங்கால் மடிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். இது இந்த நஞ்சின் மிகக் கொடூரமான தன்மை. படுத்திருக்கும்வரை ஏதோ அசதி போலிருக்கும்; எழுந்து உடல் வேலை செய்யத் தொடங்கியதும் தசைக்கும் மூளைக்கும் வேண்டிய ஆக்சிஜன் இல்லாமல் கால் மடங்கிவிடும். கிராமங்களில் "அமுக்குவான் பிசாசு அமுக்கியது, கண் தெரிந்தது, கை கால் வரவில்லை" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். பெரும்பாலும் அது தூக்கத்தில் வரும் வேறொரு நிலை. ஆனால் அறையில் தணல் இருந்த இரவில் ஒருவர் அப்படிச் சொன்னால் நான் முதலில் குமுட்டியைத்தான் விசாரிப்பேன்.

ஆகவே தலைவலியோடு விழித்ததும் தைலம் தேடக் கூடாது, இன்னும் கொஞ்சம் படுத்துப் பார்க்கவும் கூடாது. எழ முடியாவிட்டால் தவழ்ந்தாவது கதவை அடைந்து திறந்து வெளியேற வேண்டும். பிறகு மற்றவர்களை வெளியே இழுக்க வேண்டும். அடுப்பை அணைப்பதிலோ தூக்கி வெளியே வைப்பதிலோ நேரத்தைச் செலவிடாதீர்கள். அதைச் செய்கிறவர் அங்கேயே விழுவது உண்டு. வெளியிலிருந்து உதவிக்கு வருபவர் முதலில் கதவு சன்னல்களை அகலத் திறந்துவிட்டு, உள்ளே நிற்கும் நேரத்தைச் சில நொடிகளாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். தனக்கே தலை சுற்றினால் உடனே திரும்பிவிட வேண்டும்.

வெளியே வந்ததும் 108-ஐ அழைத்து, "கரி அடுப்பு வாயு, இத்தனை பேர், ஒருவருக்கு நினைவில்லை, ஆக்சிஜன் வேண்டும்" என்று சொல்லுங்கள். நினைவில்லாதவர் மூச்சு விடுகிறார் என்றால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மோர், எலுமிச்சைச் சாறு எதையும் வாயில் ஊற்றாதீர்கள், அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். மூச்சில்லை என்றால் மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து நிமிடத்திற்கு நூறு முதல் நூற்றிருபது முறை அழுத்தத் தொடங்குங்கள். அவரை வெளியே கொண்டுவந்த நேரம் என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் மேலே சொன்ன கணக்கைப் பின்னோக்கிப் போடுவதற்கு அது உதவும்.

மருத்துவமனையில் முக்கியமான மருந்து ஆக்சிஜன்தான். மூக்கில் செருகும் மெல்லிய குழாய் போதாது. சேமிப்புப் பை கொண்ட, முகத்தில் இறுக்கமாகப் பொருந்தும் முகமூடி வழியாக, நிமிடத்திற்கு 10 முதல் 15 லிட்டர் என்ற அளவில் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்தால் ஐந்து மணி நேரத்தில் பாதியாகும் நஞ்சு ஒன்றேகால் மணி அளவில் பாதியாகும். விரல் கருவி 100 காட்டுகிறது என்று அரை மணியில் முகமூடியைக் கழற்றிவிடக் கூடாது. அறிகுறிகள் தீர்ந்து, ரத்த அளவும் இயல்புக்கு வரும்வரை, பெரும்பாலும் பல மணி நேரம், தொடர வேண்டும். இதய வரைபடமும் எடுக்க வேண்டும், ஏனெனில் இந்த வாயு இதயத் தசையையும் தாக்கும். நினைவிழந்தவர்களையும், ரத்த அளவு 25 விழுக்காட்டைத் தாண்டியவர்களையும், கர்ப்பிணிகளை அதைவிடக் குறைந்த அளவிலேயும், உயர் அழுத்த ஆக்சிஜன் அறைக்கு அனுப்புவது பற்றி யோசிப்பார்கள். 2002-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, முதல் நாளிலேயே அங்கு மூன்று முறை சிகிச்சை பெற்றவர்களுக்குப் பிற்கால மறதி குறைந்ததைக் காட்டியது. எல்லா ஆய்வுகளும் அதை உறுதிப்படுத்தவில்லை. நம் ஊரில் இந்த அறைகள் மிகச் சில நகரங்களில்தான் உள்ளன. அதைத் தேடி அலைவதில் முகமூடி ஆக்சிஜன் தாமதமாகிவிடக் கூடாது. கர்ப்பிணிகளைத் தனியாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு: கருவிலுள்ள குழந்தையின் ரத்தம் இந்த நஞ்சைத் தாயைவிட அதிகமாகப் பற்றி, தாயைவிட மெதுவாக விடும். தாய் தெளிந்துவிட்டார் என்பது குழந்தைக்குப் பொருந்தாது.

நஞ்சு என்றால் காவல்துறைக்குத் தகவல் போகுமே என்று அஞ்சிச் சிலர் அடுப்பை மறைத்துவிடுகிறார்கள். தகவல் போகலாம், அது மருத்துவமனையின் நடைமுறை, உங்கள் மேல் குற்றச்சாட்டு அல்ல. அதைக் காரணம் காட்டி எந்த மருத்துவரும் அவசரச் சிகிச்சையை மறுக்கவோ தாமதிக்கவோ முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே தீர்ப்பளித்திருக்கிறது.

மாடிப்படிக்கு அடியில் இருக்கும் ஜெனரேட்டர்

தையல்காரர்களின் தலைவலியைப் பற்றிப் போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இது குமுட்டியைவிட அதிகக் கவலை தருகிறது. சிறிய பெட்ரோல் இன்ஜின், உள்ளே வரும் காற்றால் முழுதும் எரிக்க முடியாத அளவு எரிபொருள் மிகுந்த கலவையில் ஓடுவது. காரில் இருப்பதுபோல் நச்சு வாயுவை மாற்றும் சாதனம் இவற்றில் பெரும்பாலும் இல்லை. ஒரு மணி நேரத்தில் சில நூறு கிராம் கார்பன் மோனாக்சைடு கக்கக்கூடிய இயந்திரம் அது. உங்கள் குமுட்டி இரவு முழுதும் வெளியிட்டதாக மேலே கணக்கிட்ட 100 கிராமை இது அரை மணிக்குள், சில சமயம் அதற்கும் விரைவாக, வெளியிட்டுவிடும்.

பாதி திறந்த ஷட்டர் போதாது. அமெரிக்காவில் 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் மாகாணம் பனியில் உறைந்து மின்சாரம் நின்றபோது, வீட்டுக்குள்ளும் கார் கொட்டகையிலும் ஜெனரேட்டர் ஓட்டியவர்களும் கரி அடுப்பை உள்ளே வைத்தவர்களும் நூற்றுக்கணக்கில் இந்த நஞ்சோடு மருத்துவமனைக்கு வந்தார்கள்; சிலர் இறந்தார்கள். கொட்டகையின் கதவைத் திறந்து வைப்பதும் மின்விசிறி போடுவதும் இதைத் தடுப்பதில்லை என்பதே அங்கே நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பினர் திரும்பத் திரும்பச் சொல்வது. மாடிப்படி அடி இன்னும் மோசம். சூடான வாயு படிக்கட்டு வழியாகப் புகைபோக்கியில் ஏறுவதுபோல் மேலேறி உங்கள் படுக்கையறைக்கு வரும். இரவில் மின்சாரம் போய், யூனிட் மூடியிருக்க, வீட்டு விசிறிக்காக அதை ஓட்டிவிட்டு நீங்கள் மேலே தூங்குவது உண்டென்றால், இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் இன்றிலிருந்து அதை நிறுத்திவிடுங்கள்.

தையல்காரர்களிடம் மூன்று விஷயங்களை விசாரியுங்கள். தலைவலி மின்வெட்டு நாட்களில் மட்டும் வருகிறதா? டீ குடிக்கத் தெருவுக்குப் போனால் குறைகிறதா? ஒருவருக்கு மட்டுமா, பலருக்குமா? மூன்றுக்கும் விடை ஒரே பக்கம் சாய்ந்தால் உங்களுக்கு வேறு சோதனை வேண்டியதில்லை. ஆனால் உறுதி செய்துகொள்வதற்காக இன்னொரு முறை ஓட்டிப் பார்க்காதீர்கள். யாரேனும் கர்ப்பமாகவோ இதய நோயோடோ இருந்தால் அவரை ஒருமுறை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

ஜெனரேட்டர் இருக்க வேண்டிய இடம் திறந்த வெளி. கதவு, சன்னல், ஏசி துளை, பக்கத்து வீட்டுச் சன்னல் ஆகிய எல்லாவற்றிலிருந்தும் குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழாய் கட்டடத்திற்கு எதிர்ப்புறம் பார்த்திருக்க வேண்டும். மழை படாமல் மேலே கூரை போடலாம், நான்கு பக்கமும் மறைக்கக் கூடாது. திருப்பூர்ச் சந்துகளில் 20 அடிக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். மாடிப்படிக் கதவிலிருந்து விலகிய மொட்டை மாடி மூலை சிலருக்கு அமையும். அதுவும் இல்லையென்றால் அந்தக் கட்டடத்தில் பெட்ரோல் ஜெனரேட்டர் ஓட்ட இடமில்லை என்பதுதான் நேர்மையான விடை. ரப்பர் குழாயைச் சொருகிப் புகையை ஷட்டருக்கு வெளியே விடலாம் என்று மெக்கானிக் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மூட்டுகளில் கசியும், வெப்பத்தில் உருகும், நீங்களோ பத்திரம் என்று நம்பியிருப்பீர்கள்.

பேட்டரியில் ஓடும் இன்வெர்ட்டர் இந்த வாயுவை வெளியிடாது. விளக்கு, விசிறி, சில தையல் இயந்திரங்களுக்கு அது போதுமா என்று எலக்ட்ரீஷியனிடம் கணக்குக் கேளுங்கள். வாங்கும்போது பெயரில் ஏமாற வேண்டாம். "இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்" என்று விற்பதும், "சைலண்ட்" என்று விற்பதும் பெட்ரோல் இன்ஜின்களே. சத்தம்தான் குறைவு.

கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கிப் படுக்கையறையிலும் ஒன்று யூனிட்டிலும் மாட்டுவது நல்லது. கடையில் "கேஸ் டிடெக்டர்" என்று கேட்டால் சமையல் எரிவாயுக் கசிவுக்கானதைத் தருவார்கள். அது இந்த வாயுவை அறியாது. பெட்டியின் மேல் கார்பன் மோனாக்சைடு அல்லது `CO` என்று எழுதியிருக்கிறதா என்று படித்து, மின்சாரம் போனபோதும் இயங்கும்படி பேட்டரியில் ஓடுவதையே வாங்குங்கள். அது ஒலித்தால் தவறாக அடிக்கிறது என்று பேட்டரியைக் கழற்றாமல் எல்லோரும் வெளியே வாருங்கள். இன்ஜினை நிறுத்திய பிறகும் மூடிய அறையில் வாயு மணிக்கணக்கில் தங்கும் என்பதால், எல்லாவற்றையும் திறந்து காற்றோட்டம் விட்ட பிறகே உள்ளே செல்ல வேண்டும்.

நரம்பியல் மருத்துவரிடம் போகும்போது ஒரு தாளில் இவற்றை எழுதிக் கொடுங்கள்: மூடிய அறையில் கரி அடுப்பு, இரவு பத்து முதல் காலை ஐந்து வரை; நினைவிழந்து கிடந்த நேரம் தெரியாது, வெளியே வந்து அரை மணியில் பேசினார்; ஆக்சிஜன் தரப்படவில்லை; விழுந்ததில் தலையில் அடிபட்டதா, ரத்தம் உறையாமைக்கு மருந்து உண்டா; முதல் மாற்றம் தெரிந்த தேதி. உங்கள் மகனையும் அன்றே கூட்டிச் செல்லுங்கள். அவன் நினைவிழக்கவில்லை என்றாலும், பள்ளிப் பாடத்தில் கவனமோ கையெழுத்தோ இந்த மூன்று வாரங்களில் மாறியிருக்கிறதா என்று வகுப்பாசிரியரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.